பூச்சியத்தைப் போட்டுப் பார்க்காதவள்

வெள்ளவத்தையில் ஒரு சேலைக்கடையின் மேல்மாடியில் இருக்கும் தனியார் கல்வி நிலையத்தில், பொறியியல் முதலாம் ஆண்டுக்கு நான் கணிதம் படிப்பிக்கிறேன். சனி, ஞாயிறுகளில்தான் வகுப்பு. எனக்கு அங்கே பட்டப்பெயர் ‘போட்டுப் பாத்தனீங்களோ மிஸ்’. யார் விடையைக் கொண்டுவந்து நீட்டினாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான். வகையீட்டுச் சமன்பாட்டைத் தீர்ப்பது கஷ்டம், தீர்த்தது சரியா என்று பார்ப்பது சுலபம். கிடைத்த விடையை வகையிட்டு, சமன்பாட்டுக்குள் திரும்பப் போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒத்துவர வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.

போன தவணைப் பரீட்சையின் நாலாம் கேள்வி இது:

y″ − 3y′ + 2y = 0; y(0) = 1, y′(0) = 0

செய்முறைக்கு நாலு புள்ளி, இறுதி விடைக்கு ஆறு. திருத்துவதற்கான மாதிரி விடைத்தாளை நான் வீட்டில் இருந்து, பைதன் என்ற கணினி மொழியில் உள்ள சிம்பை மென்பொருளை வைத்துத் தயாரித்தேன். சிம்பை குறியீடுகளை வைத்தே கணக்குச் செய்யும். சமன்பாட்டை dsolve என்ற கட்டளைக்குக் கொடுத்தேன். கண் மூடித் திறப்பதற்குள் பொதுத்தீர்வு வந்தது:

y = (C1 + C2 eˣ) eˣ

இனி C1, C2 என்ற இரண்டு மாறிலிகளையும் அந்த இரண்டு ஆரம்ப நிபந்தனைகளிலிருந்து எடுக்க வேண்டும். அதையும் சிம்பையிடமே விட்டிருக்கலாம். நிபந்தனைகளைக் கொடுக்கவென்றே dsolve இல் ஓர் இடம் இருக்கிறது. ஆனால் இரண்டு மாறிலி எடுக்க எனக்கு இயந்திரமா வேண்டும்? கையாலேயே செய்தேன். C1 = −1, C2 = 2. அவற்றைப் போட்டதும் விடை 2e²ˣ − eˣ என்று வந்தது. என் கொள்கைப்படி அதை checkodesol என்ற கட்டளையிடம் கொடுத்துச் சரிபார்த்தேன். True, 0 என்று பதில் வந்தது. விடை சமன்பாட்டுக்குப் பொருந்துகிறது, போட்டுப் பார்த்தபின் மிச்சம் எதுவும் இல்லை என்று அர்த்தம். நிம்மதியாகப் போய்த் தேநீர் ஊற்றினேன்.

திருத்தத் தொடங்கியபோதுதான் ஆத்திரம் வந்தது. முப்பத்தொரு பேரில் முப்பது பேர் 2eˣ − e²ˣ என்று எழுதியிருந்தார்கள். முப்பது பேருக்கும் ஒரே பிழை வருமென்றால், பார்த்து எழுதினார்கள் என்பதைத் தவிர வேறென்ன? மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்றது நான்தான் என்பது அந்த ஆத்திரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. ஒவ்வொரு தாளிலும் சிவப்புப் பேனாவால் அழுத்திக் குறுக்கே கீறினேன். கடைசி வாங்கில் இருக்கும் ஒரு பொடியன் மட்டும் என் விடையை அப்படியே எழுதியிருந்தான்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முழுவதையும் வாங்கு வாங்கென்று வாங்கினேன். அந்தப் பொடியனை எழுப்பி நிறுத்தி, எல்லோரையும் கைதட்ட வைத்து, ஒரு நல்ல பேனாவும் பரிசாகக் கொடுத்தேன். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடக்கமான பிள்ளை என்று நினைத்தேன்.

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி மீள்திருத்தப் படிவத்தோடு என் மேசைக்கு வந்தார். கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக்கடையில் மருந்து கொடுக்கும் வேலை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சித்தியடைய நாற்பது வேண்டும், அவருக்கு முப்பத்தாறு. அது அவருடைய மூன்றாவது தடவை. நாலாவது தடவை கிடையாது, பதிவையே எடுத்துவிடுவார்கள்.

“மிஸ், குறை நினைக்காதேங்கோ. என்ர நாலாங் கேள்வியை ஒருக்காப் பாக்கேலுமோ?”

“பாத்துத்தானே திருத்தினனான்.”

“ஓம் மிஸ். ஆனா நான் போட்டுப் பாத்தனான். சரியா வந்தது.”

என் பல்லவியை எனக்கே பாடுகிறார்! லப்டொப்பைத் திறந்து என் விடைக்கு வந்த True, 0 ஐ அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

“இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?”

“என்ரயையும் ஒருக்காப் போடுங்கோ மிஸ்.”

பிழையென்று வந்தால் போய்விடுவார்தானே என்று அவருடைய விடையையும் போட்டேன். True, 0.

கீழே கடற்கரை றோட்டோடு ரயில் ஒன்று போனது. அவருடைய விடையை இன்னொருதரம் போட்டேன். அதே True, 0.

“மிஸ், எங்கட கடையில ரெண்டு விஷயம் பாப்பம்” என்றார் அவர் மெதுவாக. “எடுத்த மருந்து டொக்டர் துண்டில எழுதினதுதானோ எண்டு ஒண்டு. வாங்க நிக்கிறது துண்டில பேர் இருக்கிற ஆள்தானோ எண்டு மற்றது. கம்ப்யூட்டர் மருந்தை மட்டும்தான் பாத்திருக்கு. ஆளைப் பாக்கேல்லை. x இக்குப் பூச்சியத்தைப் போடுங்கோ.”

என் விடையில் போட்டேன். 2 − 1 = 1. y(0) சரி. எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பிறகு வகையிட்டுப் போட்டேன். 4 − 1 = 3. பூச்சியம் வரவேண்டிய இடத்தில் மூன்று. அவருடையதில் முதலாவது ஒன்று, இரண்டாவது பூச்சியம். துண்டில் பேர் இருக்கிற ஆள் அவருடைய விடைதான்.

எங்கே விழுந்தேன் என்பது அந்த நிமிடமே விளங்கியது. என் கைப்பழக்கத்தில் C1 எப்போதும் e²ˣ உடன்தான் போகும். சிம்பை அதை eˣ உடன் வைத்திருந்தது. என் பழக்கப்படி எடுத்த எண்களைக் கொண்டுபோய் சிம்பையின் இடங்களில் இருத்திவிட்டேன். checkodesol சமன்பாட்டை மட்டும்தான் பார்க்கும், ஆரம்ப நிபந்தனைகளைப் பற்றி மூச்சும் விடாது. C1, C2 இக்கு என் வீட்டு இலக்கத்தைப் போட்டிருந்தாலும் True என்றுதான் சொல்லியிருக்கும்.

“வகுப்பிலயே சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டேன். பிழையில் கொஞ்சத்தையாவது அவர் தலையில் கட்டிவிட ஆசை.

“நீங்கள் ஏசின ஏச்சுக்கு ஆர் மிஸ் வாய் திறக்கிறது?”

கதவடியில் நின்ற அந்தப் பொடியன் அப்போது உள்ளே வந்து பேனாவை மேசையில் வைத்தான். “நான் கடைசியில ரெண்டு மாறிலியையும் மாத்தி எழுதிப்போட்டன் மிஸ். வீட்டை போய்த்தான் கண்டனான். நீங்கள் கைதட்டச் சொன்ன பிறகு எப்பிடிச் சொல்லுறது?”

அந்த மாணவியின் தாளை எடுத்தேன். நாலாம் கேள்வியின் அடியில், சின்ன எழுத்தில், y(0) = 1, y′(0) = 0, இரண்டும் சரி என்று எழுதியிருந்தார். மூன்று வருடமாக நான் கத்திக் கத்திச் செய்யச் சொன்னதைச் செய்திருந்தார். அதன் மேலேயே என் சிவப்புக் கோடு போயிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு கோட்டால் ஒரு மனிசியின் படிப்பையே முடித்துவைக்கப் பார்த்திருக்கிறேன்.

முப்பத்தாறை வெட்டி நாற்பத்திரண்டு என்று எழுதினேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். படிவத்தில் ‘மாற்றத்துக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. பேனா அங்கே நின்றுவிட்டது.

“கூட்டல் பிழை எண்டு எழுதிவிடுங்கோ மிஸ்” என்றார் அவர் இரக்கத்தோடு.

எழுதியிருக்கலாம். ஆனால் புள்ளி மாறும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படிவம் நிரப்ப வேண்டும் என்பது எங்கள் நிலையத்தின் சட்டம். புள்ளி குறையும் பொடியனோடு சேர்த்து முப்பத்தொரு பேருக்கும் கூட்டல் பிழை என்றால் யார் நம்புவார்கள்? பொடியன் திருப்பித் தந்த பேனாவைத் திறந்தேன். ‘பரீட்சகர் பூச்சியத்தைப் போட்டுப் பார்க்கவில்லை’ என்று எழுதி ஒப்பமிட்டேன். வகுப்பில் கதைத்துப் பிடிபட்ட பிள்ளையைப் போல, அதே வரியை மற்றப் படிவங்களில் இன்னும் முப்பது தடவை எழுதினேன்.