நாற்பது விநாடி

ஹட்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் நான் ஒற்றை ஆளாக இருந்த காலம். டயகமவில் தனியாக வசித்த ஒரு டீச்சர், பேசாமல் போன தன் பேட்டரி ரேடியோவைக் கொண்டுவந்தார். அதில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் எட்டு மைக்ரோஃபரட் கண்டென்சரைக் கழற்றி, ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் வழியாக நூறு வோல்ட் கொடுத்தேன். நூறு மைக்ரோஆம்பியரில் தொடங்கிய மீட்டர் முள், எட்டு விநாடியில் முப்பத்தேழுக்கு வந்திருந்தது. நல்ல கண்டென்சர் என்றால், நிரம்பியதும் முள் பூச்சியத்துக்கு இறங்கிவிட வேண்டும். அதற்குமேல் நான் பார்க்கவில்லை.

"கண்டென்சர் கசியுதுங்க. புதுசு கொழும்பிலருந்து வரணும், ரெண்டு வாரமாகும்."

"அதுவரைக்கும் வீட்ல ஒரு குரலும் இருக்காதுங்களே" என்று சொல்லி, ரேடியோவை விட்டுவிட்டுப் போனார்.

என் அறையிலும் யாரும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அந்தப் பேச்சு உறுத்தியது. மறுநாள் காலை கண்டென்சரை மறுபடி அதேபோல் மீட்டரோடு இணைத்துக் காத்திருந்தேன். ஒரு மெகாஓமையும் எட்டு மைக்ரோஃபரட்டையும் பெருக்கினால் எட்டு விநாடி. அதுதான் நேர மாறிலி. அதற்குள் கண்டென்சர் அறுபத்து மூன்று சதவீதம்தான் நிரம்பும். ஏறக்குறைய முழுதாக நிரம்ப அதைப்போல் ஐந்து மடங்கு நேரம் வேண்டும். நாற்பதாவது விநாடியில் முள் பூச்சியத்தை ஒட்டி நின்றது. கசிவே இல்லை. ரேடியோவுக்குள் தேடிப் பார்த்தபோது, பழுது ஒரு கம்பியின் கழன்றுபோயிருந்த ஈய ஒட்டுதான்; அதைப் பற்றவைத்தேன்.

அன்றே ரேடியோவோடு டயகமவுக்குப் பஸ் ஏறினேன்.

"நான்தான் அவசரப்பட்டுட்டேங்க" என்றேன்.

பாட்டு கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

பஸ் போய்விடும் என்று மறுத்துவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.