ஆறு மணிக்கு முன் வரும் வரி

விஜயலட்சுமி இறந்து ஐந்து மாதம் ஆகிறது. சிறுநீரகம் கெட்டுப்போய் ஐம்பத்திரண்டு வயதில் இறந்தாள். மந்தாரக்குப்பத்தைத் தாண்டி ஒரு தனியார் நிலக்கரி யார்டு இருக்கிறது. அதில் பதினோரு வருடம் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தாள். காண்ட்ராக்ட் வேலை, மார்ச்சுக்கு மார்ச் புதுப்பிப்பார்கள். அவள் செய்ததில் பெரிதென்று சொல்ல ஒன்றுதான் உண்டு. ஒரு மெயிலின் தலைப்பு வரியை மாற்றினாள்.

யார்டில் பழுப்பு நிலக்கரி மூன்று குவியல்களாகக் கிடக்கும். ஒவ்வொன்றும் இரண்டு மாடி உயரம். பழுப்பு நிலக்கரிக்குத் தீக்குச்சி வேண்டாம். காற்று உள்ளே புகுந்தால் தானாகவே சூடேறும். அறுபது டிகிரியைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். எழுபதைத் தாண்டினால் உள்ளே கங்கு பிடிக்கப் போகிறது என்று அர்த்தம். வெளியே புகைகூடத் தெரியாது. உள்ளே எரிந்து எரிந்து பொந்து விழும். நிலக்கரி அள்ள மேலே ஏறுகிற லோடர் வண்டி அந்தப் பொந்துக்குள் இறங்கிவிடும்.

காலை ஆறு மணி ஷிப்டில் அந்த லோடரை ஓட்டியவன் அவள் தம்பி அருண்குமார். கூடப் பிறந்தவர்களில் மிஞ்சியவன் அவன் ஒருவன்தான்.

குவியலுக்குப் பதினாறு இரும்புக் குழாய்களைச் செருகி, நுனியில் வெப்பம் அளக்கும் கம்பி வைத்திருந்தார்கள். அளவுகள் வயர் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வரும். தினமும் காலை 5:15க்கு ஒரு புரோகிராம் தானாக ஓடி, கடைசி அளவுகளை எக்செல் தாளில் போட்டு மெயில் அனுப்பும். அதை எழுதியவள் விஜயலட்சுமி. தலைப்பு வரியை மட்டும் மேனேஜர் சண்முகசுந்தரம் சொன்னபடி வைத்திருந்தாள்: ‘பொருள்: குவியல் வெப்பநிலை நாளறிக்கை சமர்ப்பித்தல் – தொடர்பாக.’ அந்த ஆபீசில் எந்தக் கடிதமும் அப்படித்தான் போகும். குடிநீர் கேன் கேட்டாலும் ‘தொடர்பாக’ உண்டு.

மெயிலைப் பார்த்துவிட்டு லோடரை மேலே அனுப்ப வேண்டியவர் ஷிப்ட் இன்சார்ஜ் செங்குட்டுவன். ஒரு கையில் கேட் ரிஜிஸ்டர், இன்னொரு கையில் போன், எதிரே வரிசையாக டிப்பர் லாரிகள். ஒரு நாளைக்கு நூற்றைம்பது மெயில் வரும்.

மே மாதத்தில் ஒரு காலை லோடரின் முன்சக்கரம் இரண்டாம் குவியலில் புதைந்தது. அருண் குதித்துவிட்டான். கால் பதிந்த இடத்தில் கங்கு. முழங்காலுக்குக் கீழே தோல் வழன்றுவிட்டது.

அன்றைய அளவு எழுபத்தொன்று. தாளில் இருந்தது. மெயிலும் 5:15க்கே போயிருந்தது.

“மெயில் வரலியா சார்?” என்று கேட்டாள் விஜயலட்சுமி.

“வந்துச்சிக்கா. பாத்தேன். இந்தா, நீங்களே பாருங்க.”

செங்குட்டுவன் போனை நீட்டினார். திரையில் ‘பொருள்: குவியல் வெப்பநிலை நாள…’ என்று பாதியில் வரி முறிந்திருந்தது. முந்தின நாளும் அதே வரி. அதற்கு முந்தின நாளும் அதே. எல்லாம் ஒரே தலைப்பு என்பதால் போன் அவற்றை ஒரே கட்டாகக் கட்டி, பக்கத்தில் 23 என்று எண் போட்டிருந்தது.

“இருவத்திமூணு நாளும் ஒரே மூஞ்சி. எதுல நெருப்புன்னு நான் எப்படிக்கா கண்டுபிடிப்பேன்? டிப்பர்காரன் ஹாரன் அடிச்சிகினு நிக்கிறான், நான் ஒவ்வொண்ணா தொறந்துகினு இருக்க முடியுமா?”

சரியாகத்தான் சொன்னார். எழுபத்தொன்றை அவள் மெயிலின் அடியில், தாளின் இரண்டாவது வரிசையில் வைத்திருந்தாள். அதற்கு மேலே ‘சமர்ப்பித்தல்’ உட்கார்ந்திருந்தது.

அன்று பிற்பகலே தலைப்பை மாற்றினாள். போன் திரையில் முறிவதற்கு முன்னால் முடிவு வந்துவிட வேண்டும். முதலில் ‘ஏறலாம்’, ‘ஏறாதீங்க’ என்று எழுதிப் பார்த்தாள். இரண்டும் ஒரே மாதிரி தொடங்கின. ஓடுகிற கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டாவதை ‘நிறுத்து’ ஆக்கினாள். அடுத்து தேதி, அடுத்து எந்தக் குவியல், கடைசியில் எவ்வளவு. ‘நிறுத்து 28/5 – குவியல் 2 – 71 டிகிரி.’ தேதி இருப்பதால் ஒவ்வொரு நாள் வரியும் தனியாக நிற்கும், கட்டுக்குள் போகாது.

சண்முகசுந்தரம் மறுநாளே கூப்பிட்டார்.

“ஏம்மா, இது ஆபீசா, பண்ருட்டி பஸ் ஸ்டாண்டா? ஏறலாம், நிறுத்துன்னு கண்டக்டர் மாதிரி கூவுற?”

“செங்குட்டுவன் சார் தொறக்காமயே தெரிஞ்சிக்கணுங்க.”

“சரக்கு வாங்குறவங்களுக்கும் காப்பி போவுதும்மா. மொத வரியிலயே நெருப்புன்னு போட்டா நம்ம பேரு என்னாவறது? மார்ச்சுல புதுப்பிக்கிற லிஸ்ட்ல உன் பேரையும் நான்தான் எழுதணும், ஞாபகம் வெச்சிக்கோ.”

வேலை போனால் வேறு வேலை கிடைக்கிற வயதில்லை. ஆனாலும் சொன்னாள்: “அவங்களுக்குப் பழைய தலைப்புலயே தனியா அனுப்பிடறேங்க. ஷிப்டுக்குப் போறது மட்டும் இப்படி இருக்கட்டும்.”

அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதுவே அனுமதி என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இரண்டு வாரம் ஒழுங்காகப் போயிற்று. ‘ஏறலாம்’ வந்தால் செங்குட்டுவன் கையை உயர்த்துவார், லோடர் ஏறும். இரண்டு முறை ‘நிறுத்து’ வந்தது. இரண்டு முறையும் லோடர் கீழேயே நின்றது. பத்து நாளில் அருண் வேலைக்குத் திரும்பினான். காலில் புதுத் தோல் பளபளத்தது.

ஜூன் 12. வடக்குத்து கிராமத்தில் அவள் வீடு. காலை 5:16க்குப் போன் மின்னியது. அவளுக்கும் ஒரு காப்பி வரும்.

‘ஏறலாம் 12/6 – மூன்று குவியலும் – அதிகம் 44 டிகிரி.’

பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். நாற்பத்து நாலா? முந்தின நாள் சாயங்காலம் மூன்றாம் குவியல் ஐம்பத்தெட்டில் இருந்தது. மழையில்லை, தண்ணீர் அடிக்கவில்லை. குவியல் ஒரே ராத்திரியில் பதினாலு டிகிரி ஆறாது.

வாயைக் கொப்பளிக்காமலே தாளைத் திறந்தாள். மூன்றாம் குவியலின் வரிசையில் பதினோரு எண்கள். அதற்குப் பிறகு ஐந்து கட்டங்கள் காலி. வடக்குப் பக்கத்துக் குழாய்கள். சூடேறிக்கொண்டிருந்த பக்கம்.

வயர் அறுந்திருக்கிறது. டிப்பர் ஏதாவது பின்னால் வந்து ஏறியிருக்கும். அதிகம் எது என்று புரோகிராமைக் கேட்டால் காலிக் கட்டங்களைத் தாண்டிப்போய், இருக்கிற எண்களில் பெரியதை எடுத்துக் கொடுக்கும். அப்படித்தான் கேட்டு வைத்திருந்தாள். அளவே வராத இடத்தையும் சேர்த்து ‘ஏறலாம்’ என்று அவளுடைய வரி சொல்லிவிட்டது.

அந்த வரியைச் செங்குட்டுவன் நம்புவார். திறந்து பார்க்க மாட்டார். திறக்க வேண்டாம் என்று பழக்கியவளே அவள்.

போன் போட்டாள். பிஸி. மறுபடி போட்டாள். பிஸி. அருணின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. லோடர் கேபினுக்குள் போன் கூடாது. சாப்பாட்டுப் பையில் போட்டுவிட்டுத்தான் ஏறுவான். 5:31. அவசரத்தில் எழுத்துகள் இரண்டிரண்டாக விழுந்தன. அழித்து அழித்து ஒரு மெயில் அடித்தாள். உள்ளே ஒன்றும் எழுதவில்லை. தலைப்பு மட்டும்:

‘நிறுத்து 12/6 – குவியல் 3 – முந்தின மெயில் தப்பு.’

அனுப்பிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். மெயில் போயிருக்குமா, அவர் பார்த்திருப்பாரா, பழையதையே பார்த்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டிருப்பாரா, ஒன்றும் தெரியாது. மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் முதல் ஷிப்டு ஆட்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஹாரனை விடாமல் அழுத்தினாள். யாரோ, “எந்த வூட்டுக்குக்கா தீ அணைக்கப் போறே?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அழவில்லை. யார்டு திருப்பத்தில் லோடரின் இன்ஜின் சத்தம் கேட்டது. பளு ஏற்றி மேட்டில் ஏறுகிற சத்தமா, கீழே நின்று உறுமுகிற சத்தமா என்று பிரித்தறிய முடியவில்லை. கேட் அருகே வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

லோடர் மூன்றாம் குவியலின் ஏற்றத்தில் முன்சக்கரத்தை வைத்தபடி நின்றது. எதிரே செங்குட்டுவன் இரண்டு கையையும் விரித்து நின்றார். கேபினிலிருந்து அருண் தலையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தான்.

“இன்னா சார், ஏறுன்றீங்க, நில்லுன்றீங்க! காலைலயே வெளாட்டா?”

“எறங்குடா மொதல்ல. உங்கக்காவே ஓடியாருது, அதக் கேளு.”

செங்குட்டுவன் அவள் பக்கம் திரும்பினார். “ஒரு டிரைவர் கூப்பிட்டுகினே இருந்தான், கட் பண்லாம்னு போன எடுத்தேன். மேல உங்க வரி நிக்குது. தொறக்கக்கூட இல்லக்கா.”

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

வெப்பம் அளக்கும் கைக்கருவியை எடுத்துக்கொண்டு கீழிருந்தே நீளக் கம்பியைச் செருகிப் பார்த்தார்கள். எண்பத்து மூன்று. பத்து மணிக்குப் பக்கவாட்டில் தோண்டியபோது உள்ளே ஒரு ஆள் நிற்கிற அளவுக்குப் பொந்து, அதன் அடியில் சிவப்பாகக் கங்கு. சண்முகசுந்தரம் வந்து பார்த்தார். பிறகு, “மொத மெயிலு ஏறலாம்னுதான வந்துச்சி?” என்றார்.

“ஆமாங்க. என் தப்புதான்,” என்றாள் விஜயலட்சுமி. “வராத அளவை நான் எண்ணல.”

அதை மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை. மார்ச் பற்றி யோசிக்கவும் அப்போது தெம்பில்லை.

அன்று மாலை ஆறு வரை உட்கார்ந்து புரோகிராமைத் திருத்தினாள். முதலில் அளவுகளை எண்ண வேண்டும். நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தெட்டும் வந்து, ஒன்றுகூட அறுபதைத் தொடாவிட்டால்தான் ‘ஏறலாம்’. ஒன்று தொட்டாலும் ‘நிறுத்து’. அப்படி எதுவும் தொடாமல், ஒரு அளவு வராமல் போனாலும் மூன்றாவதாக ஒரு சொல்: ‘தெரியல.’ எத்தனை வந்தது என்பதும் தலைப்பிலேயே நிற்கும்.

செங்குட்டுவன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியலன்னு எவனாவது மெயில் போடுவானாக்கா? சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும் சார். கரண்ட் போயி, கம்ப்யூட்டரே ஓடலன்னா மெயிலே வராது. அப்ப நேத்து வந்த ஏறலாம்தான் உங்க போன்ல மேல நிக்கும். என்னா செய்வீங்க?”

அவர் யோசித்தார். “தேதியப் பாப்பேன்.”

“பாத்துட்டு?”

“இன்னிக்கித் தேதி இல்லன்னா ஏத்த மாட்டேன். போதுமா? நீங்க இப்டி பாக்காதீங்க.”

ஜூலையில் ஒரு காலை வந்தது: ‘தெரியல 9/7 – குவியல் 1 – 15/16 வந்தது.’ செங்குட்டுவன் கையை உயர்த்தவில்லை. அருண் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான்.

“ஒரே ஒரு காலிக் கட்டம். அதுக்கு பயந்துகினு வண்டிய நிறுத்தணுமாக்கா? டிப்பர்காரன்லாம் என்னப் பாத்து நக்கலடிக்கிறான்.”

“உக்காரு.”

“அக்கா…”

“உக்காருடான்னா.”

உட்கார்ந்தான். ஏழரைக்குக் கைக்கருவி ஆள் போய் அந்த ஒரு குழாயை அளந்துவிட்டு வந்தார். நாற்பத்தொன்று. ஒன்றுமில்லை.

“பாத்தியா?” என்று சிரித்துக்கொண்டே அருண் எழுந்து போய் வண்டியை எடுத்தான். லோடர் ஏற்றத்தில் ஏறியது. உச்சியில் ஒரு கணம் நின்றது. மறுபக்கம் இறங்கிக் கண்ணிலிருந்து மறைந்தது. அது சுற்றிக்கொண்டு திரும்பி வரும்வரை விஜயலட்சுமி ஜன்னல் கம்பியை விடவில்லை.