கூலி கடைசி வரியில்

அவிநாசிக்குப் பக்கத்தில் என் அண்ணன் நைட்டி தைத்து ஆன்லைனில் விற்கிறான். விலை போடுவது அவனுக்குக் கைக்கணக்கு. துணி, தையல்கூலி, பேக்கிங், கூரியர் எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய். விற்றுத்தரும் இணையதளத்துக்குக் கமிஷன் இருபத்தைந்து சதவீதம், நமக்கு லாபம் பதினைந்து. ஆக முந்நூறின் மேல் நாற்பது சதவீதம் ஏற்றி, ஜி.எஸ்.டி. தனியாக, நானூற்றிருபது. ஒரு வருஷம் இப்படி விற்றுவிட்டு, பேங்க் தவணை கட்டக் காசு எங்கே என்று வீடெல்லாம் தேடினான்.

நான் கோவையில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். பார்த்ததுமே எரிச்சல் வந்தது. கமிஷனைத் தளம் அடக்கவிலையிலா பிடிக்கிறது? விற்கும் விலையில் பிடிக்கிறது. நானூற்றிருபதில் நூற்றைந்து போனால் மீதி முந்நூற்றுப் பதினைந்து. நைட்டிக்குப் பதினைந்து ரூபாய்க்குத்தான் அவன் மாடாய் உழைத்திருக்கிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து விலையைத் தானே கணக்குப் போடும் சின்ன கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். விலையில் நாற்பது சதவீதம் கமிஷனுக்கும் லாபத்துக்கும் போய்விடும், மீதி அறுபதில் செலவெல்லாம் அடங்க வேண்டும். அதனால் முந்நூறை 0.60 ஆல் வகுத்தால் ஐந்நூறு. குறைந்தபட்ச லாபத்துக்குக் கீழே எந்த விலையும் வெளியே வராதபடி பூட்டும் போட்டேன். அண்ணன் லேப்டாப்பைத் தொட்டுக் கும்பிட்டான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு மாதத்தில் அதே மாதிரி நைட்டியை வேறொருவன் நானூற்றெண்பதுக்குப் போட்டான். எங்களுக்கு ஆர்டர் நின்றது.

"கணக்கத் திருப்பிப் போடு அம்மணி. வெல நானூத்தியெம்பது. எதக் கொறைக்கோணும்னு சொல்லச் சொல்லு."

திருப்பிப் போட்டேன். நானூற்றெண்பதில் அறுபது சதவீதம் இருநூற்றெண்பத்தெட்டு. கூரியர் எண்பது. அதைத் தொட முடியாது. துணியும் பேக்கிங்கும் நூற்றுத்தொண்ணூறு. அதையும் தொட முடியாது. கடைசி வரியில் தையல்கூலி: பதினெட்டு. அதுவரை முப்பது.

தைப்பவர் பக்கத்துத் தெரு அக்கா. கணவர் இல்லை. வாடகையும் சாப்பாடும் அந்த முப்பதில்தான்.

"லாபத்தப் பன்னெண்டரையா வெச்சுக்க. அக்கா கூலிய அப்படியே குடுக்கலாம்."

"கொறஞ்சபட்சம்னா அதுக்குக் கீழ போகக் கூடாதுன்னு நீதான சொன்னே? திரும்பி வர்ற சரக்கு, தவணை, எல்லாம் அந்தப் பதினஞ்சுலதான்."

அவன் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் கூட்டிப் பார்த்தால் கோபம் தலைக்கேறியது. விலையில் இருபது ரூபாய் குறைகிறது. அதில் தளத்துக்கு நஷ்டம் ஐந்து, அண்ணனுக்கு மூன்று, மிச்சம் பன்னிரண்டும் அக்காவுக்கு. லாபத்துக்குப் பூட்டுப் போட்ட நான் கூலியைத் திறந்தே விட்டிருக்கிறேன்.

அன்றே இன்னொரு வரி சேர்த்தேன்: கூலி முப்பதுக்குக் கீழே போனால் 'இந்த விலைக்கு விற்காதே' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அடுத்த வாரம் போனபோது என் வரிக்கு முன்னால் ஒரு # குறி இருந்தது. அந்தக் குறி போட்டால் வரி வேலை செய்யாது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான், ஏதோ ஒரு நாள் பேச்சுவாக்கில்.

"அக்காகிட்ட நீயே சொல்லிப்போடு அம்மணி. நீ சொன்னா கேட்டுக்குவாங்க."

"நான் சொல்லமாட்டேன். கொறைக்கறவன் நீ, நீயே சொல்லு."

அவனால் முடியாது என்றுதான் நினைத்தேன். சின்ன வயதிலிருந்து அந்த அக்கா கையால் சோறு வாங்கித் தின்றவன். ஒரு ரூபாய் குறைக்க வேண்டுமென்றாலும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பவன். முகத்துக்கு நேரே வாய் வராது, முப்பதே நிலைக்கும் என்று நம்பிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அக்கா தைத்த மூட்டையோடு வந்தார். அண்ணன் லேப்டாப்பைத் தூக்கி அவர் பக்கம் திருப்பி வைத்தான். குரலில் துளி நடுக்கம் இல்லை.

"நான் கொறைக்கலீங்க அக்கா. கணக்கு அப்படித்தான் சொல்லுது, பாருங்க."

அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, குனிந்து, அந்த இங்கிலீஷ் எழுத்துகளையெல்லாம் மேலிருந்து கீழே மரியாதையாகப் பார்த்தார்.

"இதுல என்ர கூலி எதுங்க தம்பி?"

அண்ணன் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினான்.