பீரோவுக்குள் வெயில் இல்லை

ஆய்வகத்தைத் திறந்ததும் பரிபூரணம் துடைப்பத்தைத் தொடமாட்டாள். நேராகக் கிழக்கு ஜன்னலுக்குப் போவாள். கதவைத் திறந்துவிட்டு, திண்டில் இருக்கும் பாட்டில்களைக் குனிந்து பார்ப்பாள். ஒவ்வொன்றையும் கால் வட்டம் திருப்பி வைப்பாள். அதற்கப்புறம்தான் பெருக்குவது, மேசை துடைப்பது, சோதனைக் குழாய் கழுவுவது எல்லாம். வருஷக்கணக்காக இந்த ஒழுங்கு மாறியதில்லை. வராந்தாவில் போகிற டீச்சர்மார் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று அவளும் தலையை நிமிர்த்தியதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். அரசு உதவி பெறுவது. அங்கே எண்பதாம் வருஷம் ஆய்வக வேலைக்கு ஆள் தேடியபோது, எட்டாவதோடு நின்றுபோன பரிபூரணத்தைத் தற்காலிகம் என்று எடுத்தார்கள். ஒரு வருஷத்தில் நிரந்தரம் ஆகிவிடும் என்றார்கள். பத்து வருஷம் ஓடிவிட்டது. மாவட்டக் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வரும்போது, "இந்தப் பணியிடம் தேவை, இந்த ஆள் தகுதி" என்று எழுதிவிட்டுப் போனால் போதும். வந்த அதிகாரிகள் எல்லோரும் மைதானத்தைப் பார்த்தார்கள், கழிப்பறையைப் பார்த்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள்.

அவள் பாடம் படித்தது பாத்திரம் கழுவிக்கொண்டே. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு மேலே சுப்புராஜ் சார் குரல் கேட்கும். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற அறிவியல் ஆசிரியர். சுவரில் அவர் எழுதி மாட்டிய அட்டை ஒன்று உண்டு. அதில் மேலும் கீழுமாக இரண்டு சமன்பாடு. மேலே: ஆறு கரியமில வாயு, ஆறு தண்ணீர், வெயில், அம்புக்குறி தாண்டினால் ஒரு சர்க்கரை, ஆறு பிராணவாயு. அது ஒளிச்சேர்க்கை. கீழே அதே சாமான்கள், இடம் மாறி: ஒரு சர்க்கரை, ஆறு பிராணவாயு, அம்புக்குறி தாண்டினால் ஆறு கரியமில வாயு, ஆறு தண்ணீர், சக்தி. அது சுவாசம். ஒன்று வெயிலை உள்ளே வைத்து முடிச்சுப் போடுகிறது, மற்றது அந்த முடிச்சை அவிழ்க்கிறது என்று பரிபூரணம் தன் மனசுக்குள் வைத்துக்கொண்டாள். ஒன்று கழித்துப் போடுவதை மற்றது எடுத்துக்கொள்கிறது. இல்லாவிட்டால் இந்த உலகத்துக் காற்று என்றைக்கோ கெட்டுப்போயிருக்கும்.

"பகல்ல செடி ஒளிச்சேர்க்கை செய்யும், ராத்திரியில சுவாசிக்கும்" என்று சார் வருஷாவருஷம் சொல்லுவார். பிள்ளைகளும் எழுதிக்கொள்ளும். பரிபூரணத்துக்கு அது மட்டும் இடிக்கும். முளைகட்டிய பாசிப்பயற்றைக் குடுவையில் போட்டு மூடி, அந்தக் காற்றைச் சுண்ணாம்புத் தெளிநீரில் விட்டால், பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கும் தெளிநீர் பாலாக வெளுக்கிறது. குடுவையைக் கழுவுகிறவள் அவள். செடி பகலிலும் மூச்சுவிடத்தான் செய்கிறது. வெயிலில் அதைவிட அதிகமாகப் பிராணவாயு தருவதால் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். இதை அவள் யாரிடம் சொல்ல?

தொண்ணூறாம் வருஷம் ஆகஸ்டில், "ஒரு மூடின பாட்டில் தயார் பண்ணும்மா, ஆய்வுக்குக் காட்டணும்" என்று சுப்புராஜ் சார் சொன்னார். சொன்னதோடு அவர் பங்கு முடிந்தது. பரிபூரணம் கண்மாய்க்குப் போய் வண்டலும் வேலம்பாசி என்கிற தண்ணீர்ச் செடியும் இரண்டு சின்ன நத்தையும் கொண்டுவந்தாள். பள்ளியின் பெரிய கண்ணாடி ஜாடியில் ஒரு நத்தை, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒன்று. இரண்டிலும் பாசி, வண்டல், கழுத்துவரை தண்ணீர். ஒரே நாளில் மூடி, மெழுகை உருக்கி வாயை அடைத்தாள். இதற்கு முன்னால் மேற்கு ஜன்னலில் வைத்த ஒன்று சாயங்கால வெயிலில் வெந்துபோனது. செடியே இல்லாமல் நத்தையை மட்டும் மூடிய இன்னொன்று பத்து நாள் தாங்கவில்லை. அதனால் இந்த இரண்டையும் கிழக்கே, வெளிச்சம் உண்டு, உச்சி வெயில் இல்லை என்கிற இடத்தில் வைத்தாள். நத்தை விடுகிற மூச்சு செடிக்கு, செடி தருகிற பிராணவாயு நத்தைக்கு. காலையில் பாசி இலையில் முத்து முத்தாகக் குமிழி ஏறும். ஐந்து மாசம், வெளிக்காற்று ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. இரண்டு நத்தையும் கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்தன.

பெரிய ஜாடியில், "தயாரிப்பு: சுப்புராஜ்" என்று சீட்டு ஒட்டியாயிற்று.

தைப்பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்றைக்கே ஆய்வு என்று தபால் வந்தது. அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. நீண்ட விடுமுறை என்றால், அதிகாரிக்குக் காட்டவேண்டிய எல்லாச் சாமானும் பட்டியல் போட்டு இரும்புப் பீரோவுக்குள் போய்விடும். சாவி தலைமையாசிரியை கிருபாபாய் டீச்சர் வீட்டுக்குப் போய்விடும். நுண்ணோக்கி போயிற்று, எலும்புக்கூட்டின் மண்டை போயிற்று. சுப்புராஜ் சார் ஜாடியையும் தூக்கினார்.

"சார், அத உள்ள வைக்க வேண்டாம்" என்றாள் பரிபூரணம். பத்து வருஷத்தில் அவர் கேட்காமல் அவள் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

"ஏம்மா? பூனை கீனை தட்டிவிட்டா நீ பதில் சொல்லுவியா?"

"உள்ள வெளிச்சம் இல்ல சார். ஆறு நாளு."

"செடி உள்ளதான இருக்கு? அது பிராணவாயு குடுக்கும். போயி ஜன்னலைச் சாத்து."

பீரோ பூட்டப்பட்டது. ஹார்லிக்ஸ் பாட்டில் பட்டியலில் இல்லை. அதை யாரும் சாமானாகவே நினைக்காததால், அது ஜன்னலிலேயே இருந்தது. கண்ணாடிக் கதவை மட்டும் சாத்தினாள்.

பொங்கல் அன்று அவள் முகத்தைப் பார்த்து, மில்லில் இருந்து வந்த கணவன் பொன்னுராஜ் கேட்டான்: "என்ன, ஒரு வாயி சோறு எறங்க மாட்டேங்கு?"

"நத்தை செத்துப்போகும்."

"ஒனக்கு நிரந்தரம் வருதுன்னு ஊரே பாத்துக்கிட்டு இருக்கு. நீ நத்தைக்கு அழுதுகிட்டிருக்க."

"அதுவும் இதுவும் ஒண்ணுதான்" என்றாள்.

பள்ளி திறந்த அன்று ஒன்பது மணிக்குப் பீரோவைத் திறந்தார்கள். ஜாடித் தண்ணீர் பழுப்பாகிப்போயிருந்தது. பாசி கூழாகத் துவண்டு கிடந்தது. நத்தை ஓட்டிலிருந்து வெளியே தொங்கிக் கிடந்தது. இருட்டில் செடி கொடுக்கவில்லை, எடுத்துக்கொள்ள மட்டுமே செய்தது. செடி, நத்தை, வண்டலில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாதது, எல்லாம் சேர்ந்து இருந்த பிராணவாயுவைத் தீர்த்துவிட்டன. மேல் சமன்பாடு நின்றுபோயிற்று. கீழ்ச் சமன்பாடு நிற்கவில்லை. இதற்கு மேல் ஒரு விளக்கம் தேவையில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்குத் தேவைப்பட்டது விளக்கம் அல்ல, பழி போட ஓர் ஆள்.

கிருபாபாய் டீச்சர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் ஏற்கெனவே எழுதிய தாள் ஒன்று இருந்தது. "பராமரிப்பின்போது கவனக்குறைவால் நான் ஜாடியின் மூடியைத் திறந்துவிட்டேன். மன்னிக்கவும்."

"ஒரு கையெழுத்துதான் பரிபூரணம்" என்றார் டீச்சர், கனிவாகத்தான். "அதிகாரி பதினோரு மணிக்கு வாராக. என்ன ஆச்சுன்னு கேட்டா இதைக் காட்டிருவோம். சின்ன தப்புதான, அவிய பெருசா எடுக்கமாட்டாக. ஒன் ஃபைலை நானே அவியகிட்ட நீட்டுறேன்."

"நான் தெறக்கல டீச்சர்."

"திறந்தியா இல்லையாங்கது இப்பப் பிரச்சினை இல்லம்மா."

"மெழுகு அப்படியே இருக்கு. பாருங்க. தெறந்திருந்தா காத்து உள்ள போயிருக்கும், நத்தை பொழைச்சிருக்கும்."

பக்கத்தில் நின்றிருந்த சுப்புராஜ் சாருக்குச் சுருக்கென்றது. "எட்டாங்கிளாஸ் படிச்சவ எனக்குப் பாடம் எடுக்கா பாருங்க டீச்சர். ஏட்டி, எனக்கு இருபது வருஷ சர்வீஸ்."

"சாவி எங்கிட்ட இல்ல சார். பீரோவுக்குள்ள வெயிலும் இல்ல." அவள் பேனாவை எடுக்கவில்லை. "நீங்க எழுதின அட்டையிலதான் வெயில்னு போட்டிருக்கு."

ஒரு மனுஷியின் பத்து வருஷத்தை ஒரு தாளில் மடித்து, இதில் பொய் எழுது, உன் சோறு உறுதி என்று நீட்டுகிறவர்களுக்கு வெட்கம் வரவேண்டும். வரவில்லை. வெளியே ஜீப் சத்தம்தான் வந்தது.

அதிகாரி நல்ல மாதிரி. ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் நேராக ஜன்னலுக்குப் போனார். திறந்து கிடந்த பீரோவுக்குப் பக்கத்து மேசையில் செத்த ஜாடி, ஜன்னலில் குமிழி விடுகிற ஹார்லிக்ஸ் பாட்டில். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அட. ஒண்ணு இருட்டு, ஒண்ணு வெளிச்சம். ரெண்டும் ஒரே நாள்ல மூடினதா? ரொம்ப நல்ல சோதனை. புஸ்தகத்துல படம்தான் இருக்கும். யாரு செஞ்சது?"

"நான்தான் சார்" என்றார் சுப்புராஜ். கண்ணைக்கூட இமைக்கவில்லை. "ஒப்பீட்டுக்காக வேணும்னே ஒண்ணை இருட்டுல வச்சேன்."

தொட்டியடியில் நின்றிருந்த பரிபூரணத்துக்குக் காது சுட்டது. அரை மணிக்கு முன்னால் அது அவள் செய்த குற்றம். இப்போது அது அவர் செய்த சோதனை.

"இருட்டுல வச்சது அவிய சார்" என்றாள். அறையில் எல்லோரும் திரும்பினார்கள். "வெளிச்சத்துல வச்சது நான். ரெண்டையும் மூடினதும் நான். அவிய வேணும்னு வைக்கல."

அதிகாரி சிரித்துவிட்டார். கேலியாக இல்லை, ஏதோ வீட்டுச் சண்டை என்று நினைத்தவர் மாதிரி. "சரி சரி, ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சிருக்கீங்க" என்றார். குறிப்பேட்டில் எதையோ எழுதினார். சாப்பாட்டுக்கு நேரமாயிற்று.

ஒரு மாசம் கழித்து அறிக்கை வந்தது. "அறிவியல் ஆசிரியர் திரு. சுப்புராஜ் அமைத்துள்ள ஒளிச்சேர்க்கை, சுவாசச் சோதனை பாராட்டத்தக்கது." அன்றைக்கே பள்ளி நிர்வாகத்தின் குறிப்பாணையும் பரிபூரணம் கைக்கு வந்தது. அனுமதியின்றி சொந்தப் பாட்டிலை ஆய்வகத்தில் வைத்தது, அதிகாரி முன்னிலையில் ஆசிரியரை அவமதித்தது: இரண்டுக்கும் விளக்கம் தேவை. திருப்தியான விளக்கம் வரும்வரை பணி நிரந்தரக் கோப்பு மேலே போகாது.

அவள் விளக்கம் எழுதினாள். அரைப் பக்கம், தன் கையெழுத்தில். மன்னிப்பு என்கிற வார்த்தை அதில் இல்லை. நடந்தது இருந்தது, தேதி இருந்தது, கடைசியில் இரண்டு சமன்பாடும் இருந்தன. "வெயில்" என்ற இடத்தில் மட்டும் அடிக்கோடு. தாளாளர் அதைப் படித்துவிட்டு, "திமிரு" என்றாராம். ஆபீஸ் கிளார்க் இருளம்மாள் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, "ஒரு கையெழுத்து போட்டிருக்கலாம்லா மைனி?" என்றும் கேட்டாள்.

"போட்டுட்டுப் பொறவு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அந்த ஜன்னலைத் தெறப்பேன்?" என்றாள் பரிபூரணம்.

இது தொண்ணூற்றேழு. சுப்புராஜ் சார் ராஜபாளையத்தில் வேறொரு பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போய்விட்டார். கிருபாபாய் டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். விடுமுறையில் சாமான்கள் இன்னும் பீரோவுக்குத்தான் போகின்றன. பரிபூரணம் பதினேழாவது வருஷமாகத் தற்காலிக ஊழியர்.