நிராகரிக்கப்பட்ட என் எண்ணெய் விளம்பரம்

கே.கே. நகரில் இருக்கும் என் ஓரகத்தியின் கூந்தல் எண்ணெய் விளம்பரம் எல்லார் போனிலும் வந்தது. என் எண்ணெய்க்குப் பணம் கட்டிப் போட்டதை மட்டும் அந்த ஆப்காரர்கள் ஏற்க மறுத்துவிட்டார்கள். அவள்தான் புகார் செய்திருப்பாள் என்று எனக்கு வயிறு எரிந்தது.

"சின்ன அத்தை ஒண்ணும் செய்யல," என்றாள் மருமகள். "'உங்களுக்கு வழுக்கையா?'ன்னு போட்டிருக்கீக. பாக்குறவுக குறையச் சொன்னா விட மாட்டாக. வழுக்கத் தலையும் அடர்முடியுமா ரெண்டு படம் வேற!"

"அவளுத மட்டும் விட்டாகளே?"

"அவுக எண்ணெயப் பத்தித்தான் பேசுறாக, அத்தை."

கேள்வியை எடுத்துவிட்டு, 'கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய்' என்று எழுதினோம். படத்தில் பாட்டில் மட்டும். ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அவள் பாட்டில்தான் பளபளத்தது.

"வெயில்ல வச்சு வேற படம் எடு."

"மாத்துனா மறுபடி சோதனைக்குப் போகும், அத்தை."

"போகட்டும்," என்றேன்.