இருபத்தாறு சென்டிமீட்டர் தட்டு

அவளுக்கு ‘ஸ்கேல்’ என்று பெயர் வைத்தது நான்தான். வயிற்றெரிச்சலில் வைத்த பெயர். பிறகு சர்க்கரை நோய்ப் பிரிவு முழுக்க அப்படியே கூப்பிட, அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பதினோரு வருடமாக நான் அங்கே உணவு ஆலோசகர். தட்டைப் பார்த்ததும் கலோரியைச் சொல்வேன். அவளும் அதே வேலைதான், வந்து எட்டே மாதம். நோயாளிகள் எல்லோருக்கும் நீலக்கரை போட்ட ஒரே மாதிரி வெள்ளைப் பீங்கான் தட்டு வாங்கிக் கொடுக்க வைத்தாள். குறுக்களவு இருபத்தாறு சென்டிமீட்டர். மதியம் வீட்டில் சாப்பிட உட்காரும்போது நேர் மேலேயிருந்து ஒரு படம், சாய்வாக ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

திரையில் தட்டின் குறுக்கே எத்தனை புள்ளி என்று எண்ணுவாள். ஆயிரத்து முந்நூறு என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு ஐம்பது. அந்தக் கணக்கை வைத்துச் சோற்றின் பரப்பு, சாய்வுப் படத்திலிருந்து அதன் உயரம், இரண்டையும் பெருக்கிக் கன அளவு, அதிலிருந்து எடை, எடையிலிருந்து கலோரி. குழம்பில் கலந்த எண்ணெயைப் படம் காட்டாது என்பதால் அதை மட்டும் போனில் கேட்டுக்கொள்வாள். ஒருநாள் பெரிய டாக்டர் சமையலறைத் தராசில் சோற்றை வைத்து இருவரையும் சோதித்தார். அவள் பதினைந்து கிராம் தவறினாள், நான் அறுபது. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிரிவுத் தலைவி அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி எனக்கா அவளுக்கா என்று காவலாளி வரைக்கும் பேச்சு. சொல்லிவிடுகிறேன், அதை நினைத்து எனக்குத் தூக்கம் கெட்டுப்போயிருந்தது.

அப்போதுதான் தையல்காரர் விஷயம் நடந்தது. ஐம்பது தாண்டிய மனிதர். சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர். மதியச் சோறு முந்நூறு கலோரி என்பது அவருக்குப் போட்ட கணக்கு. ஒரு திங்கட்கிழமை அவருடைய சோறு ஐநூறைத் தொட்டது. ஸ்கேல் குழம்பிப்போய்ப் படத்தை என்னிடம் நீட்டினாள்.

“அக்கா, இவர் எப்பவும் ஒழுங்கா இருப்பாரே. நீங்க ஒரு தடவை பாருங்களேன்.”

பார்த்தேன். தட்டுக்குப் பக்கத்தில் அவருடைய காம்பு வளைந்த ஸ்பூன் வழக்கம்போல் கிடந்தது. எப்போதும் தட்டின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் வரும். இன்று ஐந்தில் நான்கு பங்கு வரை நீண்டிருந்தது. ஸ்பூன் வளராது. தட்டு மாறியிருக்கிறது. சின்னத் தட்டை இருபத்தாறு என்று எடுத்துக்கொண்டால் நீளம், அகலம், உயரம் மூன்றுமே ஊதிப்போகும்.

சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் முன்னால் இவள் ஒருமுறை முகம் சிவந்து நிற்கட்டுமே என்று உள்ளே ஒன்று சொன்னது. படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அவள் அவரைச் சோற்றைக் குறைக்கச் சொன்னாள். நல்ல மனிதர், குறைத்தார். திரையில் முந்நூறு வந்தது. நிஜத்தில் அது நூற்றெண்பது. மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தது. நான் தினமும் அந்த ஸ்பூனைப் பார்த்தேன், பேசவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் தையல் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார் என்று அவர் மனைவி போன் செய்தார். சர்க்கரை கீழே இறங்கியிருந்தது. இனிப்புத் தண்ணீர் கொடுத்த பிறகு எழுந்து உட்கார்ந்தாராம்.

அப்போதுதான் ஸ்பூனைக் காட்டினேன். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது போலக் காட்டினேன். ஸ்கேல் உடனே அவர் வீட்டுக்குப் போய்த் தட்டை அளந்தாள். இருபத்திரண்டு. கொடுத்த தட்டு உடைந்துபோயிருக்கிறது. திட்டுவோம் என்று பயந்து, அதே நீலக்கரையில் ஒன்று தேடி வாங்கி வைத்திருக்கிறார்.

டாக்டர் இருவரையும் கூப்பிட்டார். அவள் எதையும் மழுப்பவில்லை.

“தப்பு என்னோடது சார். தட்டு அதேதானான்னு நான் கேக்கல. கண்டுபிடிச்சது அக்காதான். திங்கட்கிழமையே அக்காகிட்ட காட்டினேன், அவங்க ஒண்ணும் சொல்லாததால சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டேன். அன்னைக்கே கண்ணுல பட்டிருந்தா அக்கா சொல்லியிருப்பாங்க.”

டாக்டர் என்னைப் பாராட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்.

நாற்காலி எனக்கு வந்தது. அதன் மேல் ஒரு வாழ்த்து அட்டை, அவள் கையெழுத்தில். இப்போது எல்லாப் படத்திலும் தட்டுக்குப் பக்கத்தில் அவரவருடைய வழக்கமான ஸ்பூன் இருக்க வேண்டும் என்பது எங்கள் பிரிவின் விதி. அதற்கு என் பெயரை வைத்திருக்கிறாள். புதிதாக வருகிறவர்களிடம் அதை அவள் பெருமையாகச் சொல்லும்போது எனக்கு இன்னமும் பொறாமையாகத்தான் இருக்கிறது. அவளால் தன் தப்பைச் சொல்ல முடிந்தது.