எண்பத்திரண்டில் முடியும் எண்

எங்கள் வீட்டில் எந்தப் பாரத்தை நிரப்பினாலும் தொலைபேசி எண் என்ற இடத்தில் என் கணவரின் எண்தான் போகும். தண்ணீர், மின்சாரம், கிளினிக் அட்டை, கோயில் ரசீது, ஏன், என் சொந்தச் சம்பளம் போன வங்கிக் கணக்குக்கும் அதுதான். மலேசியாவில், ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங் தொழிற்சாலையில் இருபத்தேழு வருஷம் மின்சாதனச் சில்லுகளைப் பரிசோதித்தவள் நான். ஒரு முடி அளவு கீறலையும் விடமாட்டேன் என்று பேரெடுத்தவள். ஆனால் பாரத்தில் என் எண்ணை எழுதத் தோன்றியதில்லை. "உன்னுது அடிச்சா நீ எடுக்கவா போற? என்னுதப் போடு" என்பார். அதுவும் உண்மைதான்.

அவர் போன பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்தப் போனை நான்தான் அணைத்தேன். அவர் படத்துக்கு முன்னால், மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு எட்டு மாதம் தொடவில்லை. ஆனால் மாதம் தவறாமல் முச்சந்திக் கடைக்குப் போய் அந்த எண்ணுக்கு டாப்-அப் செய்துவந்தேன். காசு போடாவிட்டால் எண் செத்துப்போகும், பிறகு வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். கோலா கங்சாரில் ஆசிரியையாக இருக்கும் என் மகளுக்குக்கூட இது தெரியாது. அந்த எண் எப்போதோ போய்விட்டது என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தேன். என்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்பாளே!

என் அக்கா திருச்சியில் இருந்தாள். எழுபதுகளின் தொடக்கத்தில் குடியுரிமை இல்லாத தோட்டத்து ஆட்கள் பலர் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, அத்தான் கையிலும் குடிமக்கள் அல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை, சிவப்பு ஐசிதான் இருந்தது. அக்காவும் போய்விட்டாள். அதன் பிறகு இரண்டே முறைதான் பார்த்துக்கொண்டோம். அவள் நெஞ்சுவலியில் படுத்த செய்தி வந்ததும் மகள் எனக்கு விசா எடுத்துவிட்டாள். ஒரு சனிக்கிழமை மாலை அக்காவின் மகன் கூப்பிட்டான். "சித்தி, டாக்டர் வரச் சொல்லிட்டாரு. சீக்கிரம் வாங்க" என்றான்.

மகளுக்குப் போன் போட்டேன். அவள் அங்கிருந்தபடியே பார்த்துவிட்டு, மறுநாள் காலை விமானத்தில் இரண்டே இடம் இருக்கிறது, அதை விட்டால் திங்கட்கிழமைதான் என்றாள். மாதக் கடைசி, அவள் கணக்கில் அவ்வளவு காசில்லை. என் கார்டில் போடுவதாக நானே சொன்னேன். மடிக்கணினியைத் திறந்து பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் போட்டு, கார்டு எண்ணையும் தட்டினேன். ஒரு பக்கம் வந்தது. எண்பத்திரண்டில் முடியும் கைப்பேசிக்கு ஆறு இலக்கக் குறியீடு அனுப்பியிருக்கிறோம், அதை இங்கே தட்டுங்கள் என்றது. கீழே நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

நான் நிமிர்ந்து படத்தைப் பார்த்தேன். கை எழவில்லை. நேரம் தீர்ந்தது. கட்டணம் ஏற்கப்படவில்லை, வங்கியைத் தொடர்புகொள்ளுங்கள் அல்லது வேறு கார்டைப் பயன்படுத்துங்கள் என்று சிவப்பில் வந்தது.

"ஏம்மா டிக்லைன் ஆகுது? காசு இருக்குலா?" என்றாள் மகள்.

"இருக்கு."

"நம்பர் சரியா பாத்தீங்களா? எக்ஸ்பயரி? பின்னால இருக்குற மூணு நம்பர்?"

"எல்லாம் சரிதான்."

"ஓடிபி எதும் கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கல" என்றேன்.

பொய். பச்சைப் பொய். அவள் அங்கே வரிசையாகக் காரணங்களை அடுக்கினாள். கார்டில் ஆன்லைன் வசதி திறக்காமல் இருக்கலாம், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு இருக்கலாம், டிக்கெட் விற்பவர்கள் பக்கமே கோளாறாக இருக்கலாம் என்றாள். எல்லாவற்றுக்கும் உம் கொட்டினேன். மறுபடியும் முயன்றேன். அதே பக்கம், அதே எண்பத்திரண்டு, அதே சிவப்பு. மூன்றாவது தடவை, குறியீடு கேட்காமல் எப்படியாவது தாண்டிப் போய்விடாதா என்று உண்மையாகவே எதிர்பார்த்தேன். தாண்டவில்லை.

பிறகு கார்டின் பின்புறமிருந்த எண்ணில் வங்கியைக் கூப்பிட்டேன். நல்லவேளை, தமிழ்ப் பிள்ளை ஒருவர் எடுத்தார். என் விவரங்களைக் கேட்டுச் சரிபார்த்துவிட்டு, நிதானமாகப் பேசினார்.

"அம்மா, கார்டு நல்லாத்தான் இருக்கு. பணம் இருக்கு, லிமிட் இருக்கு, ஆன்லைனும் திறந்திருக்கு. வெளிநாட்டு வசதி மூடியிருக்கு, ஆனா இது உள்நாட்டுக் கம்பெனிதான், அதனால பிரச்சினை இல்ல. ஓடிபி போடாததால நிக்குது. டிக்கெட் விக்கிறவங்களுக்கு டிக்லைன்னு மட்டும்தான் தெரியும், ஏன்னு தெரியாது."

"ஓ" என்றேன்.

"எண்பத்திரண்டுல முடியுற நம்பர் உங்ககிட்ட இருக்காம்மா?"

வாயைத் திறந்து இருக்கிறது என்று சொன்னால் போதும். நாலடி தூரத்தில் இருந்தது.

"இல்லப்பா" என்றேன்.

"அப்ப திங்கக்கிழமை ஐசியோட பிராஞ்சுக்குப் போய் நம்பர மாத்திடுங்க. போன்ல மாத்த முடியாது. முடிஞ்சா திருடனும் மாத்திடுவான்லா. அதுவரைக்கும் சும்மா சும்மா முயற்சி பண்ணாதீங்க, சந்தேகத்துல கார்டையே பிளாக் பண்ணிடும்." அக்கறையாகத்தான் சொன்னார். அவர் கேட்ட அந்தக் கேள்விக்கு நான்தான் சரியாகப் பதில் சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இடமில்லை என்று காட்டியது. யாரோ இரண்டு பேர் வாங்கிவிட்டார்கள். என் ஒரு மணி நேரம் அதில் போயிருந்தது.

அப்போதுதான் அழுகை வந்தது. பிறகு எழுந்து விளக்கை ஏற்றினேன். அவர் போனை எடுத்து, சார்ஜரில் போட்டு, அமுக்கினேன். திரையில் அவர் வைத்திருந்த படம், தைப்பூசத்தில் காவடியோடு எங்கள் மகள். ஒவ்வொன்றாய் மூன்று குறுஞ்செய்திகள் வந்து விழுந்தன. மூன்று குறியீடுகள். மூன்றும் காலாவதி. இந்தக் குறியீட்டை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தது.

திங்கட்கிழமை விமானத்துக்குக் கார்டு எண்ணைத் தட்டினேன். அவர் போன் கையிலேயே அதிர்ந்தது. ஆறு இலக்கத்தையும் பார்த்துப் போட்டேன். இரண்டு நொடியில் பச்சையாகி, டிக்கெட் வந்துவிட்டது. அவ்வளவுதான் வேலை!

திங்கட்கிழமை விமான நிலையத்தில் பெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது அக்கா மகன் கூப்பிட்டான். விடிகாலையில் அக்கா போய்விட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம்வரை நினைவு இருந்ததாம். "தங்கச்சி ஏறிட்டாளான்னு ரெண்டு வாட்டி கேட்டாங்க சித்தி" என்றான். நான் மகளிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் இன்றுவரை வங்கியைத்தான் திட்டுகிறாள். இதை எழுதுவதே அவள் படிக்கத்தான்.

அக்காவின் காரியம் முடிந்து ஈப்போ திரும்பியதும் வங்கிக் கிளைக்குப் போனேன். எண் மாற்றும் பாரத்தைக் கவுன்டரில் இருந்த பெண் நீட்டினாள். புது எண் என்ற இடத்தில் முதன்முறையாக என் எண்ணை எழுதினேன். கீழே, மாற்றத்துக்குக் காரணம் என்று ஒரு கோடு. கணவர் இறந்துவிட்டார் என்று எழுதினேன். எட்டு மாதத்தில் என் கையால் அதை எழுதியது அன்றுதான். அந்தப் பெண் வாசித்துவிட்டு, "எப்பம்மா?" என்று கேட்டாள்.